கெட்ட கனவு வாராவாரம் வந்தால்: மாத்திரையா, ஒத்திகையா, வேறு வழியா?

வாரத்துக்கு ஒரு தடவையாவது கெட்ட கனவு கண்டு பதறி எழும் பெரியவர்கள், நூற்றுக்கு இரண்டு பேரிலிருந்து ஆறு பேர் வரை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இவர்களில் பெரும்பாலானோர் இதற்காக மருத்துவரிடம் போவதில்லை. கனவுதானே என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கும் வைத்தியம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

வைத்தியம் உண்டு, அதுவும் ஒன்றுக்கு மேல். பிரசோசின் என்ற மாத்திரை ஒன்று. கெட்ட கனவை விழித்திருக்கும்போது மாற்றி எழுதி, புதிய கனவை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது இன்னொன்று. பழைய கனவையே திரும்பத் திரும்ப வாசித்துப் பயத்தைத் தேயவைப்பது மூன்றாவது. கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று கண்டுகொள்ளப் பழகுவது நான்காவது. இவற்றில் யாருக்கு எது, எதை முதலில் எடுக்கலாம் என்பதுதான் பேச்சு. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோர் ஒத்திகையில் தொடங்கலாம் என்பது என் கணிப்பு. ஆனால் அதற்கும் முன்னால் பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள்

கெட்ட கனவு எப்போது ஆரம்பித்தது, அந்தச் சமயத்தில் எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தது அல்லது நின்றது என்று யோசித்துப் பார்க்கவேண்டும். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரொப்ரனலால், ரத்த அழுத்தத்துக்கான மெட்டோபுரலால், ஆஸ்துமாவுக்கும் மூக்கு ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட், மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள் எல்லாமே சிலருக்குக் கனவுகளைக் கொடூரமாக்கும். தினமும் குடித்துவிட்டுத் தூங்குபவருக்கும் இது வரும். மது, முன்னிரவில் கனவு காணும் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. பின்னிரவில் அது மொத்தமாகத் திரும்பி வருகிறது. குடியைத் திடீரென்று நிறுத்தினாலும், தூக்க மாத்திரையைச் சட்டென்று விட்டாலும் இதே கதைதான். காரணம் மருந்துதான் என்று தோன்றினால், நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். புரொப்ரனலால் மாதிரி மருந்துகளைத் திடுக்கென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. எழுதிக்கொடுத்தவரிடம் போய்ச் சொன்னால், வேறு மருந்தோ வேறு நேரமோ அவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது குறட்டை. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிற ஆள் என்றால், தண்ணீரில் மூழ்குவது போலவும் கழுத்தை நெரிப்பது போலவும் கனவு வரக்கூடும். அதற்கு வைத்தியம் மூச்சுத்தடைக்குத்தான். இரவில் காற்றழுத்தக் கருவி போட ஆரம்பித்தபின் கெட்ட கனவும் குறைந்தவர்கள் பலர்.

மூன்றாவதாக, பக்கத்தில் படுப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் தூக்கத்தில் கை கால் வீசுகிறேனா, அடிக்கிறேனா, கட்டிலிலிருந்து விழுகிறேனா? கனவு காணும் தூக்கத்தில் உடம்புத் தசைகள் செயலிழந்து கிடக்கவேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் கனவில் வரும் சண்டையை நிஜமாகவே படுக்கையில் போட ஆரம்பித்தால், அது வேறு கோளாறு. பின்னாளில் பார்க்கின்சன் நோய் வருவதற்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தாகவேண்டும். அதேபோல, தூங்கி முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அலறி எழுந்து, காலையில் எதுவுமே நினைவில்லை என்றால், அது இரவுத் திகில். எழுதுவதற்குக் கனவே கையில் இல்லாததால் ஒத்திகை அதற்கு உதவாது.

நாம் பேசும் கெட்ட கனவுக்கு அடையாளம் வேறு. பெரும்பாலும் பின்னிரவில் வரும். எழுந்தவுடன் முழு விழிப்பு வந்துவிடும், கனவு காட்சி காட்சியாக நினைவிருக்கும், மறுபடி தூங்கப் பயமாக இருக்கும். பின்னிரவு ஏன் என்றால், கனவு காணும் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் அது நீண்டுகொண்டே போய், விடியலை ஒட்டித்தான் மிக நீளமாக இருக்கும். நம் வீடுகளில் விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கனவுகள் அதிகம் நினைவில் தங்குவதே அந்த நேரத்தில்தான் என்பதால், கெட்ட கனவுக்காரர்களை இந்தப் பேச்சு இரண்டு மடங்கு வாட்டுகிறது. நாலு மணிக்கு மகன் செத்துப்போனதாகக் கனவு கண்ட அம்மா, அந்த நாள் முழுவதும் அவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். விபூதி பூசிப் படுப்பதும் தலையணைக்கு அடியில் இரும்பு வைப்பதும் ஆறுதல் தந்தால் தரட்டும், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பலித்துவிடுமோ என்ற பயத்தில் கனவை யாரிடமும் சொல்லாமல், நினைக்கவும் மறுத்துப் புதைத்து வைப்பதுதான் அதை வளர்க்கிறது.

ஒத்திகை என்பது என்ன

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகெர்க்கி நகரில் ராபர்ட் கெல்னர், ஜோசப் நீட்ஹார்ட், பேரி க்ராக்கோவ் ஆகிய மருத்துவர்கள் 1990களில் இந்த முறையைச் செதுக்கினார்கள். இமேஜரி ரிஹர்சல் என்று பெயர். அதிகம் பேசப்பட்ட சோதனை 2001இல் வெளிவந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதன் அதிர்ச்சியிலிருந்து மீளாத 168 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மூன்று மணி நேர வகுப்பு இரண்டு, பிறகு மூன்று வாரம் கழித்து ஒரு மணி நேரச் சந்திப்பு ஒன்று. அவ்வளவுதான். காத்திருப்புப் பட்டியலில் இருந்த மற்ற பெண்களைவிட இவர்களுக்குக் கெட்ட கனவு நன்றாகக் குறைந்தது. தூக்கமும் தேறியது, பகல்நேர அதிர்ச்சி அறிகுறிகளும் இறங்கின. நடந்த கொடுமையை வாய்விட்டு விவரிக்கும்படி யாரையும் கேட்கவில்லை என்பது இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதன் பின்னால் உள்ள எண்ணம் எளியது. கெட்ட கனவு ஏதோ ஒரு காரணத்தால் தொடங்கியிருக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் நீடிக்கும்போது அது ஒரு பழக்கமாகவும் ஆகிவிடுகிறது. மூளை தூக்கத்தில் அதே வண்டித்தடத்தில் இறங்கி ஓடுகிறது. விழித்திருக்கும்போது மனக்கண்ணில் வேறு காட்சியைப் பலமுறை ஓட்டினால், பழைய தடம் மங்கும். கனவுக்கு என்ன பொருள் என்று இங்கே யாரும் ஆராய்வதில்லை.

செய்முறையை ஒரு கற்பனை உதாரணத்தோடு சொல்கிறேன். மாலதி என்று வைத்துக்கொள்வோம். வயது 41, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறார். இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று இரவு கெட்ட கனவு. வேலை பறிபோவது, வீட்டுக்குள் யாரோ நுழைவது என்று இரண்டு மூன்று கனவுகள் மாறி மாறி வரும். அதிகம் வருவது பேருந்து நிலையக் கனவு. மழை பெய்கிறது, ஐந்து வயது மகன் கையைப் பிடித்தபடி நிற்கிறார். தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்புகிறார். கை வெறுமையாக இருக்கிறது. நகரத் தொடங்கிய பேருந்தின் ஜன்னலில் மகன் முகம். ஓடப் பார்க்கிறார், கால் எழவில்லை. கத்தப் பார்க்கிறார், குரல் இல்லை. எழுந்து உட்காருகிறார். நிஜத்தில் மகனுக்கு இப்போது பதினாறு வயது, அடுத்த அறையில் தூங்குகிறான்.

முதல் வாரத்தில் மாலதி எதையும் மாற்றுவதில்லை. காலையில் எழுந்ததும் ஒரு நோட்டில் ஒரே வரி எழுதுகிறார்: நேற்று கெட்ட கனவு வந்ததா, பயம் பத்துக்கு எவ்வளவு. கனவின் கதை வேண்டாம். பிறகு தேறியிருக்கிறோமா இல்லையா என்று பார்க்க இந்தக் கணக்குதான் கைகொடுக்கும். மனசுக்குத் தோன்றுவதை நம்பமுடியாது, ஒரு மோசமான இரவு வந்தால் வாரமே மோசம் என்று சொல்லும். அதே வாரத்தில் தினமும் சில நிமிடம் நல்ல காட்சி ஒன்றை மனக்கண்ணில் ஓட்டிப் பழகுகிறார், பாட்டி வீட்டுத் திண்ணை மாதிரி ஏதாவது. சிலருக்குக் கண்ணை மூடினால் காட்சி எளிதாக வரும், சிலருக்கு மங்கலாகத்தான் வரும். மங்கலாக வந்தாலும் போதும். நல்ல காட்சி நடுவில் கெட்டதாக மாறினால் கண்ணைத் திறந்து, அறையில் இருக்கும் பொருள்களைப் பார்த்து, நிறுத்திவிடவேண்டும். நிறுத்தத் தெரிந்தபிறகுதான் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாவது வாரம் எந்தக் கனவை எடுப்பது என்ற முடிவு. இருப்பதிலேயே கொடூரமான கனவில் கை வைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. வாழ்க்கையில் நடந்த கொடுமை அப்படியே திரும்ப ஓடும் கனவையும் முதலில் எடுக்கக்கூடாது. பயத்தில் பத்துக்கு நாலைந்து இருக்கும் கனவில் தொடங்கலாம். மாலதிக்குப் பேருந்து நிலையக் கனவின் பயம் எட்டு. ஆகவே அதை விட்டுவிட்டு வேலை பறிபோகும் கனவில் பழகிக்கொண்டு, அடுத்த வாரம் இதற்கு வருகிறார். ஒரு வாரத்தில் ஒன்றிரண்டு கனவுக்கு மேல் எடுக்கவேண்டாம்.

பழைய கனவை ஒரே ஒரு முறை சுருக்கமாக எழுதுகிறார். பிறகு அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். க்ராக்கோவ் குழுவினர் சொன்ன விதி இவ்வளவுதான்: உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். நிஜத்தில் நடக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. மாலதி முதலில் எழுதியது இது: பேருந்து நின்றது, மகன் இறங்கி வந்தான், சந்தோஷமாக இருந்தது. மூன்று நாள் ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு முறையும் மகனின் முகம் ஜன்னலில் தெரியும் இடத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பேருந்து நிற்கவே இல்லை. படத்தைப் பழைய கனவு விழுங்கிவிட்டது.

இங்கே கோளாறு இரண்டு. முதலாவது, மாற்றம் மிகவும் தாமதமாக வருகிறது. பயம் உச்சத்தில் இருக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து திருப்பப் பார்க்கிறார். அப்படிச் செய்தால் தினமும் பழைய கனவையும் சேர்த்து ஒத்திகை பார்த்ததாக ஆகிவிடும். பயம் தலையெடுப்பதற்கு முன்னாலேயே கனவு வேறு பக்கம் போகவேண்டும். இரண்டாவது, புதிய கனவில் பார்க்க எதுவும் இல்லை. 'சந்தோஷமாக இருந்தது' என்பதை எப்படிக் கண்முன் ஓட்டுவது?

அவர் இரண்டாவதாக எழுதியது நீளமானது. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. சிமெண்டுத் தரையில் ஈர வாசனை. மகனும் அவருமாகச் சேர்ந்தே கடைக்குப் போகிறார்கள், மகன் கடலைமிட்டாய் கேட்கிறான், கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் தருகிறார். இவருக்கு ஒரு சுக்குக் காபி, டம்ளர் கையைச் சுடுகிறது. பெஞ்சில் உட்காருகிறார்கள், ஈரம் சேலையில் ஏறுகிறது, மகன் சிரிக்கிறான். பேருந்து காலியாகக் கிளம்புகிறது, நடத்துநர் கையசைக்கிறார். நமக்கு அடுத்த பஸ்தான் என்கிறான் மகன். ஒரு பக்கத்துக்கு இப்படி எழுதினார். பேருந்து கிளம்பத்தான் செய்கிறது, ஆனால் அது இப்போது யாரையும் கொண்டுபோகவில்லை.

இதைத் தினமும் பத்து முதல் இருபது நிமிடம் கண்மூடி ஓட்டவேண்டும். பகலில், உட்கார்ந்த நிலையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்திலோ மாலையில் மொட்டைமாடியிலோ செய்யலாம். படுக்கையில், விளக்கை அணைத்தபிறகு ஆரம்பிக்க வேண்டாம். முயற்சி தூக்கத்தைக் கெடுக்கும், படுக்கையே கெட்ட கனவோடு இன்னும் இறுகிவிடும். பழைய கனவை எழுதிய தாளை மறுபடி எடுக்கவே கூடாது, ஒத்திகை புதிய கனவுக்கு மட்டும்தான்.

இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கவேண்டும். அது பெரும்பாலும் எதிர்பார்த்த விதத்தில் வராது. எழுதிய புதிய கனவு அப்படியே தூக்கத்தில் வருவது அபூர்வம். பழைய கனவு வரும், ஆனால் பாதியில் வேறு மாதிரி போகும், அல்லது பயம் எட்டிலிருந்து நாலுக்கு இறங்கும், எழுந்தாலும் உடனே மறுபடி தூக்கம் பிடிக்கும். பிறகு வரும் இரவுகள் குறையும். மாலதி வீட்டுக்குள் ஆள் நுழையும் கனவைத் தொடவே இல்லை. அதுவும் குறைந்தால் ஆச்சரியப்படவேண்டாம், இந்த முறையில் அப்படி நடப்பதுண்டு.

இன்னொரு எச்சரிக்கை. துரத்துபவனைத் திருப்பி வெட்டிப்போடுவதாகக் கனவை மாற்றுவது முதலில் வீரமாகத் தெரியும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் எழுதிய புதிய கனவுகளைப் பார்த்தபோது, சிக்கலுக்கு ஒரு தீர்வு வைத்து எழுதியவர்கள் நன்றாகத் தேறினார்கள். வன்முறை மிச்சமிருந்த கனவுகள் அவ்வளவு உதவவில்லை.

தானாகவா, ஆளை வைத்தா

மாலதி மாதிரிக் கனவுகளுக்கு, அதாவது வாழ்க்கையில் நடந்த ஒரு கோரத்தின் நகலாக இல்லாத கனவுகளுக்கு, தானாகவே செய்து பார்க்கலாம். நெதர்லாந்தில் 2010இல் வெளிவந்த ஒரு சோதனையில், சிகிச்சையாளர் யாரும் இல்லாமல், எழுதிக்கொடுத்த குறிப்புகளைப் பார்த்து வீட்டில் செய்தவர்களுக்கும் கெட்ட கனவு குறைந்தது. இதில் ஒத்திகையையும், பயத்தைத் தேயவைக்கும் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு உதவின.

அந்த இரண்டாவது முறையில் கதையை மாற்றுவதில்லை. கனவை அது பயமுறுத்தும் அதே வடிவில் விவரமாக எழுதி, தினமும் வாசித்து, பயம் தானாக அடங்கும்வரை அதோடு உட்கார்ந்திருக்கவேண்டும். பலன் சமம் என்றால் எதை எடுப்பது? என் கணிப்பில் ஒத்திகைதான், ஏனென்றால் அதைத் தொடர்ந்து செய்வது எளிது. பயத்தோடு உட்காரும் முறையில் ஆரம்பத்தில் பயம் ஏறும். அந்தக் கட்டத்தில் பாதியில் விட்டவருக்கு, பயந்து ஓடிய அனுபவம் இன்னொன்று சேர்ந்ததுதான் மிச்சம். ஆனால் காட்சியை மாற்றி எழுதுவது ஏமாற்று வேலை, பொய் என்று உறுத்துபவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு இந்த முறை பொருந்தலாம்.

கதை வேறாக ஆவது, கனவு நடந்ததன் நகலாக இருக்கும்போது. போரைக் கண்டவர்கள், விபத்தில் தப்பியவர்கள், வன்முறைக்கு ஆளானவர்கள் தனியாக ஆரம்பிக்கவேண்டாம். வன்னியில் 2009ஐக் கடந்து வந்த ஒருவருக்கு ஷெல் விழும் கனவு நினைவாகவே வரும். அதைத் தாளில் எழுத உட்காரும் நிமிடத்தில் பகலிலேயே அவர் அங்கே போய்விடக்கூடும். அப்போது கையைப் பிடித்து இந்த அறைக்குக் கூட்டிவர எதிரே ஒரு ஆள் வேண்டும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை தெரிந்த மருத்துவ உளவியலாளர் யாரும் இதை நடத்திவைக்க முடியும். ஒத்திகை என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பலர் தாங்களாக இதை எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் விசாரிக்கலாம்.

இப்படிப்பட்டவர்களிடம் ஒத்திகையின் எல்லையும் தெரிகிறது. வியட்நாம் போர் வீரர்களிடம் 2010இல் நடந்த சோதனையில், தூக்கம் பற்றிய வேறொரு பயிற்சியைவிட ஒத்திகை மேலாக இல்லை. 2019இலும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம், தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சையோடு ஒத்திகையைச் சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 2001இல் வந்த நல்ல முடிவு, எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பல வருடம் ஊறிய போர் அதிர்ச்சிக்கு ஒத்திகை மட்டும் போதாது, அதிர்ச்சிக்கான முழுச் சிகிச்சையும் சேரவேண்டும் என்றுதான் நான் இவற்றைப் படிக்கிறேன்.

மாத்திரை

பிரசோசின் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த பழைய மருந்து. சியாட்டிலில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் மரே ராஸ்கிண்ட் இதைக் கெட்ட கனவுக்குக் கொடுத்துப் பார்த்தார். தூக்கத்திலும் மூளையை உஷார் நிலையில் வைக்கும் நோரட்ரினலினின் வேலையை இது தடுக்கிறது. சிறிய சோதனைகள் நன்றாக வந்தன. 2018இல் 304 படைவீரர்களிடம் நடந்த பெரிய சோதனையில் மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிலைமை மோசமாக இருந்தவர்கள் அந்தச் சோதனையில் அதிகம் சேரவில்லை, அதனால்தான் அப்படி வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. சரி, இருக்கலாம். அதே 2018இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம், ஒத்திகையைப் பரிந்துரை என்ற நிலையிலும், பிரசோசினைப் 'பயன்படுத்தலாம்' என்ற கீழ்நிலையிலும் வைத்தது. நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் குளோனசெபாமை, கெட்ட கனவுக்குப் பரிந்துரைக்கவில்லை என்றே சொல்லிவிட்டது.

ஆனாலும் பிரசோசினுக்கு ஒரு இடம் இருக்கிறது. தூங்கவே பயந்து இரவெல்லாம் விழித்திருப்பவரால், பகலில் பத்து நிமிடம் காட்சி ஓட்டக்கூட முடியாது. அவருக்கு மருத்துவர் மாத்திரையைத் தொடங்கி, கொஞ்சம் தேறியபின் ஒத்திகையைச் சேர்ப்பது நியாயமான வழி. வழக்கமாக இரவில் 1 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முதல் சில நாள் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், இரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் மயங்கி விழக்கூடும். ஆகவே எழும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழவேண்டும். ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும், ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் போன்றவை எடுப்பவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும், இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அபாயமாக இறங்கும். நிறுத்தினால் கனவு திரும்பி வருவது சகஜம் என்பது இதன் பெரிய குறை. ஒத்திகையின் பலனோ, பயிற்சியை நிறுத்திய பிறகும் பல மாதம் நிற்கிறது.

கனவுக்குள் விழிப்பு

இணையத்தில் இதற்குத்தான் ஆரவாரம் அதிகம். பகலில் அடிக்கடி 'இது கனவா' என்று சோதித்துப் பழகினால், அதே சோதனை கனவிலும் வரும், அப்போது கனவைத் தானே திருப்பிவிடலாம் என்பது எண்ணம். சிலருக்கு நடக்கிறது, சோதனைகளும் சிறிய அளவில் நம்பிக்கை தருகின்றன. ஆனால் வாரக்கணக்கில் முயன்றும் ஒருமுறைகூட வராதவர்கள் ஏராளம். அலாரம் வைத்து விடியலில் எழுந்து மறுபடி தூங்கும் பயிற்சியோ, ஏற்கெனவே தூக்கம் கெட்டவரை இன்னும் கெடுக்கும். விளையாட்டாகச் செய்ய விருப்பம் உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம்.

இதைவிட எனக்குச் சுவையாகப்பட்டது ஜெனீவாவில் 36 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு. எல்லோரும் ஒத்திகை பார்த்தார்கள். பாதிப் பேர் நல்ல முடிவை மனதில் ஓட்டும்போது பியானோவின் ஒரு சுரக்கூட்டைக் கேட்டார்கள். இரவில், தலையில் கட்டிய பட்டை கனவு காணும் தூக்கத்தைக் கண்டுபிடித்து அதே ஒலியை மெல்ல எழுப்பியது. இரண்டு வாரத்தில் இரு குழுவுக்கும் கனவு குறைந்தது, ஒலி கேட்டவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. அந்தப் பட்டை இல்லாமல் வீட்டில் செய்ய வழியில்லை. ஆனால் பகலில் ஓட்டிய காட்சி இரவுத் தூக்கத்துக்குள் போய்ச் சேர்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

சரி, எதை எப்போது

மருந்து, குறட்டை, கை கால் வீச்சு மூன்றையும் விலக்கியாயிற்று, கனவு நடந்ததன் நகல் இல்லை என்றால், நாலு வாரம் தனியாக ஒத்திகை பாருங்கள். முதல் வாரக் கணக்கையும் நாலாவது வாரக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் பதில் தெரிந்துவிடும். மூன்று இரவு ஒன்றாகியிருந்தால் தொடருங்கள். எண்ணிக்கை அப்படியே இருந்து பயம் மட்டும் பாதியாகியிருந்தாலும் தொடரலாம். இரண்டுமே அசையவில்லை என்றால், முதலில் எழுதிய காட்சியைச் சோதியுங்கள்: மாற்றம் பயத்துக்கு முன்னால் வருகிறதா, பார்க்கவும் தொடவும் முகரவும் ஏதாவது இருக்கிறதா? அதைச் சரிசெய்து இன்னும் இரண்டு வாரம் பார்த்தும் நகரவில்லை என்றால் உளவியலாளரிடம் போகலாம். ஒத்திகையின்போது பகலில் பழைய காட்சிகள் தாமாகவே பாய ஆரம்பித்தால் ஆறு வாரம் காத்திருக்கவேண்டாம், அன்றே நிறுத்துங்கள்.

கனவு நடந்ததன் நகல் என்றால், தொடக்கமே உளவியலாளரோடு. தூக்கமே இல்லாத நிலை என்றால் மனநல மருத்துவர், மாத்திரை, அப்புறம் ஒத்திகை. கெட்ட கனவோடு சேர்ந்து செத்துப்போகலாம் என்ற எண்ணமும் வருபவர்கள் இந்த வரிசை எதையும் பார்க்காமல் உடனே உதவி தேடவேண்டும். அடிக்கடி வரும் கெட்ட கனவுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டும் இலவசம்.

வீட்டில் சாவு, வேலை மாற்றம், காய்ச்சல் போன்ற சமயங்களில், குறைந்துபோன கனவு திரும்ப எட்டிப்பார்க்கும். வாரத்தில் இரண்டு இரவு வந்துவிட்டது என்றால் நோட்டை எடுத்து மறுபடி கணக்கு வைத்து, பழைய காட்சியையோ புதிதாக எழுதிய ஒன்றையோ சில நாள் ஓட்டினால் போதும். பெரும்பாலும் முதல் தடவையைவிட இது சீக்கிரம் அடங்கும்.